பக்கம் புரளும் முன் நான்கு விநாடி

அன்புள்ள சகோதரிக்கு,

போடியிலிருந்து நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். விடியும் முன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். அப்பத்தாவிடம் இருக்கும் இரண்டரை வயது மகனுக்காக நீங்கள் நோட்டில் வரைந்த பத்துப் பக்கக் கதையை உங்கள் தம்பி போனிலேயே வீடியோவாக்கியிருக்கிறார். "பாதியிலேயே எந்திரிச்சுப் போயிடறான், படம் பிடிக்கலையா?" என்று கேட்டிருந்தீர்கள். இதே வேலையைச் செய்ய நினைக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன்.

படங்களில் குறை இல்லை. ஏலச்செடியின் தூரில், தரையை ஒட்டிக் காய் பிடிப்பதைப் பார்த்தவர்தான் அப்படி வரைய முடியும். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பத்துப் பக்கமும் ஒரு நிமிடத்துக்குள் ஓடிவிடுகின்றன. ஒரு பக்கத்துக்கு ஆறு விநாடிகூட இல்லை. அதற்குள் படமும் நகர்கிறது, எழுத்தும் வண்ணம் மாறுகிறது, இசையும் ஓடுகிறது. மடியில் உட்காரவைத்து அதே நோட்டைக் காட்டும்போது நீங்கள் இப்படிச் செய்வதில்லை. பிள்ளை விரலை வைத்து "ஜீப்பு" என்று சொல்லும்வரை பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். வீடியோவில் காணாமல் போனது அந்தக் காத்திருப்புதான்.

நான்காம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முந்தல் தாண்டி மலையேறும் ஜீப். வாசகம்: "ஜீப் மெட்டு ஏறுது." இதை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பக்கம் திறந்ததும் இரண்டு விநாடி எதுவும் அசையக் கூடாது, குரலும் வேண்டாம். பிள்ளையின் கண் படத்துக்குள் போக அந்த நேரம் தேவை. அடுத்த மூன்று விநாடியில் நீங்கள் வாசிக்கிறீர்கள். 'ஏறுது' என்ற சொல் வரும்போது ஜீப் மட்டும் கொஞ்சம் மேலே நகர்ந்து நிற்கட்டும். பிறகு நான்கு விநாடி மௌனம். கடைசி ஒரு விநாடியில் பக்கம் புரளட்டும். மொத்தம் பத்து விநாடி. பத்துப் பக்கத்தோடு முன்னட்டை, பின்னட்டையும் சேர்த்தால் இரண்டு நிமிடம். இந்த வயதுக்கு அது போதும்.

அந்த நான்கு விநாடி பெரியவர்களுக்கு நீளமாகத் தெரியும், தம்பி வெட்டத்தான் பார்ப்பார். சொல்லைக் கேட்டு, படத்தில் தேடி, தன் வாயால் திருப்பிச் சொல்லப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்பத்தா "ஆமா சாமி, ஜீப்பு" என்று சேர்ந்துகொள்வதும் அந்த இடைவெளியில்தான்.

ஐந்தாம் பக்கத்துக்கு இன்னும் நேரம் கொடுங்கள். மஞ்சு மூடிய தோட்டம், "அம்மா எங்கே?" என்ற கேள்வி. ஆறாம் பக்கத்தில் ஏல இலைகளுக்கு அடியில் உட்கார்ந்து காய் எடுக்கும் அம்மா. உங்கள் கதையின் உயிர் இந்த ஒரு புரட்டலில் இருக்கிறது. ஆனால் வீடியோவில் ஒரு படம் கரைந்து அடுத்த படம் தெரிவதால், கேள்வி முடியும் முன்பே மஞ்சுக்குள் சேலை தெரிந்துவிடுகிறது. கரைப்பதை விட்டுவிட்டு, தாளே புரள்வதாகச் செய்யுங்கள். தாள் வலமிருந்து இடமாகப் போக வேண்டும்; ஆயத்தமாகக் கிடைக்கும் புரட்டல்களில் சில எதிர்த்திசையில் போகும், கவனியுங்கள். மெதுவாகத் தொடங்கி, நடுவில் விரைந்து, மெதுவாகப் படியட்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் புரளக் கூடாது. கேள்வியுள்ள இந்தப் பக்கத்தில் மௌனம் ஆறு விநாடி இருக்கலாம்.

அசைவைப் பற்றி ஒன்று. அமெரிக்காவில் மார்ட்டன் ஷிண்டல் 1953-இல் தொடங்கிய வெஸ்டன் வுட்ஸ், படப்புத்தகங்களைப் படமாக்கியபோது ஓவியங்களைப் புதிதாக வரையாமல், அச்சான படத்தின் மீதே கேமராவை நகர்த்தும் முறையைக் கையாண்டது. வாசிப்பவரின் விரல் எங்கே போகுமோ அங்கே கேமரா போனால் போதும். 2015-இல் டகாச், ஸ்வார்ட், பஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததும் இதற்கு ஒத்துவருகிறது. கதையோடு பொருந்தும் அசைவும் ஒலியும் பிள்ளைகளின் புரிதலுக்கு உதவுகின்றன. தொட்டால் குதிக்கும் பொம்மை, இடையில் வரும் விளையாட்டு போன்றவை கவனத்தைக் கலைக்கின்றன.

வாசிக்கும்போதே எழுத்து வண்ணம் மாறுவது நல்ல உத்திதான். 2004-இல் பிரிஜ் கோத்தாரி தொடங்கிய புக்பாக்ஸ், தமிழ் உட்படப் பல மொழிகளில் கதை வீடியோக்களை அப்படித்தான் செய்கிறது. ஆனால் அது எழுத்து கற்கத் தொடங்கியவர்களுக்கு. எழுத்தறியாத பிள்ளையின் கண் படத்தில்தான் இருக்கும். மின்னும் எழுத்து அதைப் படத்திலிருந்து பிடித்து இழுக்கும். இப்போதைக்கு எழுத்து அசையாமல் கீழே இருக்கட்டும்.

குரல் உங்களுடையதாகவே இருக்கட்டும். வேகம் அதிகம் என்று பதிவை மென்பொருளில் இழுத்து மெதுவாக்காதீர்கள். தமிழில் 'பல்'லும் 'பால்'லும் நீளத்தால்தான் வேறுபடுகின்றன. எல்லாவற்றையும் இழுத்தால், மொழி கற்கும் காதுக்குக் குறிலும் நெடிலும் குழம்பும். சொல்லைப் பேசுகிற நீளத்திலேயே சொல்லி, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விடுங்கள். மின்விசிறியை நிறுத்தி, துணி நிறைந்த அறையில், நோட்டைக் கையில் பிடித்துப் பதிவு செய்யுங்கள். மலையிலிருந்து காற்று இறங்கும் ஆடி மாதமானால் ஜன்னலை அடைத்துவிடுங்கள்.

பின்னணி இசையை எடுத்துவிடலாம். ஒரு பக்கத்துக்கு ஓர் ஒலி போதும், அதுவும் வாசித்து முடித்த பிறகு. ஜீப்பின் அடிவயிற்று உறுமல் போன் ஸ்பீக்கரில் கேட்காது, கனத்த ஒலிகளை அது தராது. மேட்டில் கியர் மாற்றும் ஒலியோ ஹாரனோ கேட்கும். மழையைப் பதிவு செய்தால் வெறும் இரைச்சலாகிவிடும். ஏல இலையில் சொட்டும் துளி மழையாகவே கேட்கும். குரலைவிட இருபது டெசிபல் அளவு குறைத்து வையுங்கள். தாள் புரளும் ஒலிக்கு உங்கள் நோட்டையே புரட்டிப் பதிவு செய்து, தாள் நடுவில் நிமிரும் கணத்தில் பொருத்துங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி மெல்லிய ஒலிகள் கெடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். போனிலேயே கோப்பாக இருந்தால், முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரத் திரை, குறைந்தால் நல்லது என்கிறது. இரண்டு நிமிடக் கதையை இரண்டு தரம் போட்டுவிட்டு நோட்டைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பத்துப் பக்கத்தையும் ஒரேயடியாகத் திருத்த வேண்டாம். நான்கு, ஐந்து, ஆறு மட்டும் செய்து அப்பத்தாவோடு போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். அவன் "ஜீப்பு" என்று சொல்வது அடுத்த பக்கத்தின் மேல் விழுந்தால் மௌனம் குறைவு, ஒரு விநாடி கூட்டுங்கள். புரளும் முன்பே முகத்தைத் திருப்பினால் அதிகம், ஒரு விநாடி குறையுங்கள். அவனுக்கான அளவு அப்படிக் கிடைத்த பிறகு மற்ற ஏழு பக்கத்துக்கும் அதையே வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்