ஒட்டு மாவா, கொட்டை மாவா? மரமே சொல்லும் மூன்று அடையாளங்கள்

காய்க்கிற மாந்தோப்பை விலைக்கோ குத்தகைக்கோ பேசும்போது, எல்லாம் ஒட்டு மரம்தான் என்று சொல்லிவிடுவார்கள். வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்த காலத்தில் ‘ஒட்டு மா 60 மரம்’ என்று எழுதின காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு மரத்தடியில் குனிந்து பார்ப்பதுதான் சரி.

முதலில் ஒட்டு இடம். பழைய முறையான நெருக்கு ஒட்டில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் தண்டின் ஒரு பக்கமாக நீளமான சாய்ந்த தழும்பு இருக்கும். இப்போது பரவலாக உள்ள இளந்தண்டு ஒட்டில், தண்டின் இரண்டு பக்கமும் ‘வி’ வடிவத்தில் பட்டைகள் சேர்ந்த கோடு தெரியும். சிலர் விதைக்கன்றில் கத்தியால் கீறி நாடாவைச் சுற்றி விற்றுவிடுகிறார்கள். நாடாவை அவிழ்த்துப் பாருங்கள். வெறும் கீறல் என்றால் ஒரு பக்கம் மட்டும் காயம் இருக்கும், மேலும் கீழும் பட்டை ஒரே மாதிரி ஓடும். மரம் வளர்ந்த பிறகு அந்த இடத்தில் ஒரு வீக்கமோ, சின்ன வளைவோ, மேலும் கீழும் பட்டையின் சொரசொரப்பில் வித்தியாசமோ நிற்கும். ரொம்ப வயதான மரத்தில் இது மறைந்துபோகலாம். கன்றை ஆழமாக நட்டிருந்தாலும், வண்டல் கொட்டி மேடாக்கியிருந்தாலும் ஒட்டு மண்ணுக்குள் போயிருக்கும். கையால் அரையடி மண்ணைத் தள்ளிப் பார்க்காமல் ‘ஒட்டே இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது.

இரண்டாவது, கொழுந்தின் நிறம். மாந்துளிர் வெளிர்பச்சையாகவோ, செம்பு நிறமாகவோ, கருஞ்சிவப்பாகவோ வரும். இளம் இலையில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமிதான் இதற்குக் காரணம். எந்தச் சாயல் என்பது ரகத்தைப் பொறுத்தது. ஒரே தாய்மரத்துக் கிளையில் ஒட்டுக் கட்டியவை எல்லாம் ஒரே சாயலில் துளிர்க்கும். கொட்டையில் வந்தவை ஆளுக்கொரு நிறம் காட்டும். ஆனால் வெயில் படும் பக்கமும் இலையின் வயதும் நிறத்தை மாற்றும். கொஞ்ச நாளில் எல்லாமே பச்சையாகிவிடும். அதனால் ஒரே நாளில், ஒரே அளவுத் துளிர்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். தனியாக நிற்கிற ஒற்றை மரத்தில் கொழுந்து நிறம் எதையும் நிரூபிக்காது.

மூன்றாவது, மரத்தின் வாகு. கொட்டை மரம் நேராக ஓங்கி, உயரத்தில் போய்த்தான் கிளை பிரியும். பூக்கவே ஆறேழு வருடம் ஆகலாம். ஒட்டுக்கிளை காய்த்த மரத்திலிருந்து வந்த முதிர்ந்த குச்சி என்பதால், தாழ்வாகக் கிளைத்து இரண்டு மூன்று வருடத்திலேயே பூ காட்டும். கவாத்தும் மண்ணும் வாகை மாற்றிவிடும் என்பதால், இதை நான் கடைசி சாட்சியாகத்தான் வைத்துக்கொள்கிறேன்.

நத்தம் பக்கம் ஒரு இளைஞரின் தோப்பில் மூன்றையும் சேர்த்துப் பார்த்தோம். நான்கு வயது பங்கனபள்ளி, 60 மரம். “ஒன்பது மரம் பூக்கவே மாட்டேங்குது சார், நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்” என்றார். “இரு தம்பி, துளிர் வரட்டும்” என்றேன். மழைக்குப் பிறகு துளிர்த்தபோது பார்த்தால், ஒன்பதில் ஐந்து மரம் வேறு நிறத்தில் நின்றது. அடியில் மண்ணைத் தள்ளினோம். ஐந்திலும் ஒட்டுத் தழும்பு இருந்தது. அதற்கு மேல் ஒட்டுக்குச்சி காய்ந்து விரல் நீளக் கட்டையாக நின்றது. இப்போது மரமாக நிற்பது தழும்புக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பின தளிர்! இன்னும் மூன்று மரங்களில் ஒரே மரத்தில் இரண்டு நிறம். ஒட்டுக்கிளை உயிரோடு இருக்க, கீழ்த்தளிர் அதை அமுக்கிக்கொண்டிருந்தது. மீதி ஒன்று சுத்தமான ஒட்டுதான், அடியில் பாறை. ஆக நர்சரி கொடுத்தது ஒட்டுக்கன்றுகள்தான். நட்ட முதல் இரண்டு வருடம் கீழ்த்தளிரை யாரும் கிள்ளவில்லை.

அந்த மூன்றில் கீழ்த்தளிர்களைத் தண்டோடு ஒட்டி அறுத்து, செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினோம். மற்ற ஐந்தை மூன்றடி உயரத்தில், ஒரு கிளையை மட்டும் உணவு தயாரிக்க விட்டுவிட்டு வெட்டினோம். வந்த தளிர்களில் திடமான மூன்று நான்கை வைத்துக்கொண்டு, பென்சில் கனம் ஆனதும் அவற்றில் பங்கனபள்ளிக் குச்சியை மென்தண்டு ஒட்டாகக் கட்டலாம். குச்சி எடுக்க ஒரு வாரம் பத்து நாள் முன்பே தாய்மரத்தில் இலைகளைக் காம்பு விட்டு நறுக்கிவிடுங்கள். மொட்டு திரண்டு நிற்கும். ஒட்டு பிடித்து இலை முற்றிய பிறகுதான் விட்டுவைத்த கிளையை எடுக்க வேண்டும்.

கொட்டை மரம் என்று தெரிந்தவுடனே கோடாலியை எடுக்கவும் வேண்டாம். வெள்ளைக் கொழும்பான் போன்ற சில ரகங்களின் கொட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தைப் போலவே இருக்கும். பங்கனபள்ளி, நீலம், அல்போன்சா கொட்டைகளில் அப்படிக் கிடையாது. அந்த மரங்களை ஒரு தடவை காய்க்கவிட்டு, ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஊறுகாய்க்கு நல்ல விலை போகிற காய் கொட்டை மரத்தில் கிடைப்பதும் உண்டு.