நெல்லா, வாழையா? வாய்க்கால் நீரும் ஆள் வசதியும்

ஓர் ஏக்கர் நன்செய் வைத்திருக்கும் விவசாயி நெல்லையும் வாழையையும் ஒப்பிடும்போது பெரும்பாலும் சென்ற ஆண்டின் வாழைத்தார் விலையையே அளவுகோலாகக் கொள்கிறார். வாய்க்கால் நீரை நம்பியிருப்பவர் அதற்கு முன் இரண்டைக் கணக்கிட வேண்டும். வாய்க்கால் வறண்டிருக்கும் மாதங்களில் பயிர் எந்த வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் என்பது ஒன்று. உரிய நாளில் ஆள் வராவிட்டால் எந்த வேலை காத்திருக்கும், எது காத்திருக்காது என்பது மற்றொன்று.

காவிரி டெல்டாவை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணையைப் பாசனத்திற்காக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அணையின் இருப்பைப் பொறுத்து இந்நாட்கள் மாறும். வழக்கப்படி திறந்தாலும் நீர் கிடைப்பது ஏறத்தாழ ஏழரை மாதங்களே. ஆகஸ்டில் விதைக்கும் சம்பா நெல் அதற்குள் விளைந்துவிடும். வாழைக்கோ சுமார் ஓராண்டு தேவை. ஆகவே வாழையின் வாழ்நாளில் ஒரு பகுதி வாய்க்கால் நீரின்றியே கழியும். அந்தப் பகுதி எதுவாக இருக்கும் என்பதை நடவு மாதமே தீர்மானிக்கிறது.

வாய்க்காலில் நீர் வந்தபின் ஜூலையில் கன்று நட்டால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தார் தள்ளும். காய் பெருக்க வேண்டிய காலம் முழுவதும் கோடையில் விழும். நீர் குறைந்தால் தார் சிறுத்து, காய்கள் திரளாமல் போகும். ஏப்ரலில் நட்டால் கோடையில் இருப்பவை இளங்கன்றுகளே. அவற்றின் தேவை குறைவு. மரம் வளர்ந்து தார் தள்ளும் வரை வாய்க்கால் நீர் உதவும். அதன்பின், காய் முற்றும் இறுதி இரண்டு, மூன்று மாதங்களுக்கு மட்டும் கிணற்று நீர் போதும்.

கிணறு அதற்குப் போதுமா என்பதை எளிதில் அறியலாம். ஏக்கருக்கு 900 வாழை என்றும், தார் தாங்கிய வாழைக்குச் சொட்டுநீர் முறையில் வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றும் கொண்டால், மொத்தத் தேவை 18,000 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் 72 நொடிகளில் நிரம்பினால், அந்த மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கிறது. இரண்டு மணி நேரத்திற்குள் வேலை முடிந்துவிடும். வாய்க்கால் வழிப் பாய்ச்சினால் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். இச்சோதனையை மே மாதத்தில் செய்ய வேண்டும். நவம்பரில் நிறைந்திருக்கும் கிணறு கோடையில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாது.

அடுத்தது ஆள் கணக்கு. நெல்லுக்குச் சில நாட்களில் பலர் தேவை. ஓர் ஏக்கர் கைநடவுக்கு ஒரே நாளில் பதினைந்து பேருக்குக் குறையாமல் வேண்டும். அவர்கள் பத்து நாள் தாமதித்தால் நாற்று முற்றி, தூர் கட்டுவது குறையும். எனினும் நெல்லில் ஆளுக்கு மாற்று உண்டு. இயந்திர நடவுக்கு 15 நாள் வயதுடைய பாய் நாற்றே போதும். முளைகட்டிய விதையை உருளை விதைப்பான் கொண்டு நேரடியாக விதைத்தால் நடவே தேவையில்லை. ஆனால் முதல் மாதத்தில் களையைக் கட்டுப்படுத்தத் தவறினால் மிச்சப்பட்ட கூலி முழுவதும் களைபறிப்பிலேயே போய்விடும். அறுவடைக்கும் இயந்திரம் உண்டு. ஈரவயலில் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டியை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

வாழைக்கு ஆண்டு முழுவதும் சிலர் போதும். பக்கக்கன்று நீக்குதல், உரமிடுதல், மண் அணைத்தல் ஆகிய வேலைகள் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பெரிய இழப்பில்லை. குடும்பத்தில் இருவர் இருந்தால் பெரும்பகுதியைத் தாமே செய்துகொள்ளலாம். காத்திருக்காத வேலைகள் இரண்டு. தார் தள்ளிய மரங்களுக்குக் காற்றுக்காலத்திற்கு முன் முட்டுக் கொடுப்பது ஒன்று. மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாருவது மற்றொன்று. சுற்றிலும் நெல்வயல்கள் இருந்தால் அண்டை வயலின் கசிவுநீர் தேங்கி வாழையின் வேர் அழுகும். அடியிலைகள் மஞ்சளாவது அதன் முதல் அறிகுறி. வடிகாலுக்கு வழியில்லாத வயலில் வாழை வேண்டாம்.

கடன் தவணையையும் இதனுடன் பொருத்திப் பார்க்க வேண்டும். கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. உரிய நாளில் செலுத்துவோருக்கு 3 சதவீதச் சலுகை கிடைப்பதால் அது 4 சதவீதமாகிறது. அச்சலுகை பணம் பெற்ற நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டுக்கே உரியது. சம்பா நெல்லுக்கு இது தாராளமான காலம். கற்பூரவள்ளி போல ஓராண்டைத் தாண்டி விளையும் வாழை இரகத்திலோ தார் வெட்டும் முன்பே கெடு வந்துவிடும். கடன் பெறும்போதே இரகத்தையும் நடவு மாதத்தையும் கிளையில் தெரிவித்து, தவணை நாளைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

ஆகவே, மே மாதச் சோதனையில் கிணறு தேறி, வடிகாலும் குடும்பத்தில் இருவரின் உழைப்பும் இருந்தால், முதல் ஆண்டில் அரை ஏக்கரில் ஏப்ரல் நடவாக வாழை வைக்கலாம். எஞ்சிய அரை ஏக்கரில் நெல் இருக்கட்டும். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. வாழைத்தாருக்கு அத்தகைய விலை இல்லை. கிணறு தேறாவிட்டால், தார் விலை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்த நிலத்திற்கு ஏற்றது இயந்திர நடவு நெல்லே.