வேண்டுமென்றே சறுக்கும் மேஜிக்: சபையைச் சிரிக்க வைக்கும் முறை

மேடையில் ஒரு வித்தை தவறினால் சபை இரண்டில் ஒன்றைச் செய்யும்: பாவம் என்று உச்சுக் கொட்டும், அல்லது விழுந்து விழுந்து சிரிக்கும். எது நடக்கும் என்பதை அந்தத் தவறு தீர்மானிப்பதில்லை. அதற்கு முந்தைய சில நிமிடங்களில் வித்தைக்காரர் செய்து காட்டியதும் பேசியதுமே தீர்மானிக்கின்றன.

எனவே முதலில் வர வேண்டியது சறுக்கல் அல்ல, வெற்றி. வேடிக்கை எதுவும் கலக்காத, ஒரு நிமிடத்துக்குள் முடியும் சுத்தமான வித்தை ஒன்றோடு நிகழ்ச்சி தொடங்க வேண்டும். வெறுங்கையில் பட்டுத் துணி வரவழைப்பதோ, கயிற்றை வெட்டி ஒட்டுவதோ போதும். ‘இந்த ஆளுக்குக் கை வேலை தெரியும்’ என்று சபை ஒருமுறை நம்பிவிட்டால், பின்னால் வரும் எந்தச் சறுக்கலையும் அது நிம்மதியாக ரசிக்கும். இதைச் செய்யாமல் நேராகச் சறுக்கலுக்குப் போவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

அடுத்தது, சறுக்குகிறவர் யார் என்ற முடிவு. அமெரிக்காவின் கார்ல் பேலன்டைன் (1917–2009) வால்கோட்டு போட்டு, உலக மகா மேஜிக் நிபுணர் என்ற தோரணையில் வந்து நிற்பார். பிறகு எதுவுமே பலிக்காது. அங்கே சிரிப்பு ஜம்பம் சரிவதில் இருந்தது. பிரிட்டனின் டாமி கூப்பர் (1921–1984) வேறு வகை. ஆஜானுபாகுவான உருவம், தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி, எதிலும் ஒரு தடுமாற்றம், தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் சிரிப்பு. புட்டியும் கிளாஸும் இடம் மாறும் அவரது வித்தையில், வரவேண்டிய ஒரு புட்டிக்குப் பதில் மேஜை நிறையப் புட்டிகள் முளைத்துக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்கு ஒரே களேபரம். ஆனால் ஒவ்வொரு புட்டியும் அதனதன் நொடியில் வராவிட்டால் அந்தக் களேபரமே நடக்காது. ஜம்பக்காரர், தடுமாற்றக்காரர் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை அதில் நிற்க வேண்டும். நடுவில் மாறினால் பேச்சும் சறுக்கலும் ஒட்டாது.

பேச்சை எழுதித்தான் தயாரிக்க வேண்டும்; மேடையில் தோன்றுவதைப் பேசலாம் என்பது பல வருடம் பழகியவர்களுக்கே சரிப்படும். எழுதும்போது கவனிக்க வேண்டியது, சிரிப்பை எழுப்பும் சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்பது. தமிழில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு: வினைமுற்று கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘சீன அரச குடும்பத்துக்காக நெய்த இந்தப் பட்டை இருபது ரூபாய்க்கு பர்மா பஜாரில் வாங்கினேன்’ என்றால், ‘வாங்கினேன்’ என்று முடிப்பதற்குள் சூடு ஆறிவிடும். அதையே உடைத்துச் சொல்ல வேண்டும்: ‘இது சீனத்துப் பட்டு. அரச குடும்பத்துக்கு மட்டும் நெய்தது. வாங்கின இடம்...’ என்று நிறுத்தி, துணியை ஒருமுறை பெருமையாகப் பார்த்துவிட்டு, ‘பர்மா பஜார்.’ அதன்பின் வாயைத் திறக்கக் கூடாது. சிரிப்பு எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்போதுதான் அடுத்த வாக்கியம். முழுதும் அடங்கும் வரை காத்திருந்தால் வேகம் போய்விடும்; முந்தினால் பேச்சு காதில் விழாது.

இந்தச் சிரிப்புக்கு வேறொரு பயனும் உண்டு, தொழிலில் இருப்பவர்கள் மதிப்பது அதைத்தான். சிரிக்கும் சபை சில நொடிகள் கையைக் கண்காணிப்பதை விட்டுவிடும். வித்தையின் இரகசிய வேலை நடக்க வேண்டிய இடம் அதுவே.

கைக்குட்டை முட்டையாகும் பழைய வித்தையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தேவையானவை: ஒரு பக்கம் ஓட்டை உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் முட்டை, அதனுள் அடங்கும் மெல்லிய பட்டுக் கைக்குட்டை, நிஜக் கோழிமுட்டை ஒன்று, கண்ணாடிக் கிளாஸ் ஒன்று. நிஜ முட்டையும் வெள்ளையாக இருக்க வேண்டும். நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டையின் அளவிலேயே வெட்டிய கறுப்பு ஒட்டுத்தாளை நிஜ முட்டையில் ஒட்டி, கோட்டுப் பையில் வைத்துக்கொள்வார்கள். முட்டை ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்ததாக இருக்கக் கூடாது. வெளிக்காற்றில் வியர்த்துத் தாள் உரிந்துவிடும்.

பிளாஸ்டிக் முட்டையைக் கைக்குள் மறைத்தபடி, கைக்குட்டையை முஷ்டிக்குள் திணித்து, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி முட்டையைக் காட்டுவது வரை வித்தை சரியாகவே நடக்கிறது. கைதட்டலுக்குத் தலைகுனியும்போது சறுக்கல் தொடங்குகிறது. கை ‘அறியாமல்’ திரும்ப, முதலில் ஓரத்தில் இருக்கும் சிலருக்கு மட்டும் ஓட்டையும் அதிலிருந்து நீட்டும் துணி நுனியும் தெரியும். ஒரேயடியாக எல்லோருக்கும் காட்டிவிடக் கூடாது. கண்டவர்கள் காணாதவர்களிடம் சொல்ல நேரம் தர வேண்டும். சலசலப்பு அப்படித்தான் வளரும். குழந்தைகள் இருந்தால் ‘ஓட்டை! ஓட்டை!’ என்று கத்துவார்கள். வித்தைக்காரருக்கு அது கேட்கக் கூடாது, ‘கோட்டையா? எந்தக் கோட்டை?’ என்று விசாரிக்கலாம்.

பிறகு அவரே முட்டையைத் திருப்பிப் பார்த்து, பதறி, துணி நுனியை உள்ளே திணித்து, முட்டையைப் பைக்குள் ஒளிக்கிறார். சிரிப்பின் உச்சம் இங்கே. அந்த நொடியில் முட்டை மாறிவிடுகிறது. சபை அதட்ட, வேண்டாவெறுப்பாக வெளியே எடுப்பது நிஜ முட்டை. ‘ஓட்டை’ அதிலும் இருக்கிறது. ‘சரி, கண்டுபிடித்துவிட்டீர்கள். பிளாஸ்டிக்தான். இந்த ஓட்டைதான் எனக்கு ஒரே தொல்லை’ என்று சொல்லியபடி, ஓட்டையை நகத்தால் உரித்து எடுத்து உள்ளங்கையில் காட்டி, முட்டையைக் கிளாஸின் விளிம்பில் தட்டி உடைத்து ஊற்றுகிறார். இங்கே பேச்சு கிடையாது. மஞ்சள் கரு விழுவதைச் சபை அமைதியாகப் பார்க்க வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் சிலவே. பதற்றத்தை மிகைப்படுத்தினால் நடிப்பு என்று சபை கண்டுகொள்ளும். ஓட்டை தெரிந்தும் யாரும் கத்தாமல் கைகட்டிப் பார்த்தால் அதுதான் அடையாளம். அப்போது இழுக்காமல் சீக்கிரம் பையில் போட்டு முடிவுக்குப் போவது நல்லது. உதவிக்கு மேடைக்கு அழைத்தவரை முட்டாளாக்கிச் சிரிப்பது இன்னொன்று. தவறு எப்போதும் வித்தைக்காரர் தலையில்தான் விழ வேண்டும், இல்லையென்றால் சபை விருந்தாளியின் பக்கம் சேர்ந்துகொள்ளும்.

சறுக்கலே முத்திரையாகிவிட்டவருக்கு ஒரு விபரீதமும் உண்டு. 1984 ஏப்ரல் 15 அன்று லண்டனில், தொலைக்காட்சி நேரலையில், கூப்பர் மாரடைப்பால் மேடையிலேயே சரிந்தார். அதுவும் வித்தையின் பகுதி என்றே சபை சிரித்துக்கொண்டிருந்தது.

பத்து நிமிட நிகழ்ச்சிக்குத் திட்டமிட்ட சறுக்கல் இரண்டு தாராளம். மூன்றாவது வரும்போது சபை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். எதுவுமே பலிக்காமல் முடித்த பேலன்டைன் விதிவிலக்கு, அவரைப் பின்பற்றுவது கடினம். மற்றவர்கள் கடைசி வித்தையைப் பலிக்க வைத்தே இறங்க வேண்டும். முட்டை வித்தைக்குத் தாள் ஒட்டிய முட்டை இன்னொன்றும் பெட்டியில் தயாராக இருக்கட்டும். பைக்குள்ளேயே உடைந்த முட்டையை எந்த வாய்ஜாலமும் காப்பாற்றாது.