இழுபட்ட கையைக் குழந்தை தூக்க மறுத்தால்

பெருநாள் நாட்களிலும் நிக்காஹ் வீடுகளிலும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அடிக்கடி நேர்கிற ஒன்றைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறோம். கையைப் பிடித்து இழுத்ததில் முழங்கை மூட்டில் ஏற்படும் நழுவல் அது. மருத்துவர்கள் இதை 'புல்டு எல்போ' என்பார்கள். நம் வீடுகளில் 'கை பிசகிவிட்டது', 'சுளுக்கிக்கொண்டது' என்போம். சரியான கை பட்டால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் விஷயம். ஆனால் இதே போலத் தோன்றும் எலும்பு முறிவு ஒன்று இருக்கிறது. அதை இதுவென்று எண்ணித் திருகினாலோ, எண்ணெய் போட்டு உருவினாலோ, இறுக்கிக் கட்டினாலோ பிள்ளையின் கை ஆயுளுக்கும் முடங்கக்கூடும். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

பெரும்பாலான வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரண்டரை வயதுப் பெண் குழந்தை. தாதிமா அவளது இடக்கையைப் பிடித்தபடி தருமபுரி பேருந்து நிலையத்தில் பஸ் ஏறுகிறார். படி உயரம். கூட்டம் பின்னாலிருந்து தள்ளுகிறது. தாதிமா ஒரு படி ஏறிவிட்டார், குழந்தை இன்னும் கீழே நிற்கிறாள். அப்படியே கையைப் பிடித்து மேலே தூக்குகிறார். குழந்தை வீலென்று கத்துகிறாள். இரண்டு மூன்று நிமிடத்தில் அழுகை அடங்கிவிடுகிறது, ஆனால் அந்தக் கை மட்டும் அசையவில்லை. முழங்கை லேசாக மடங்கி, உள்ளங்கை பின்பக்கம் பார்த்தபடி, கை உடம்போடு ஒட்டித் தொங்குகிறது. பிஸ்கட் நீட்டினால் மறு கையால் வாங்கிக்கொள்கிறாள். வீக்கம் இல்லை, கன்றிச் சிவக்கவும் இல்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் மணிக்கட்டைக் காட்டுகிறாள். சில பிள்ளைகள் தோளைக் காட்டுவார்கள். கோளாறு இருப்பதோ முழங்கையில். அதனால்தான் மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு நாள் முழுதும் கழித்துவிடுகிற வீடுகள் உண்டு.

உள்ளே நடந்தது இதுதான். முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. கட்டை விரல் பக்கம் இருப்பதன் பெயர் ரேடியஸ். அதன் மேல் முனை, அதாவது 'தலை', முழங்கையில் வட்டமாக இருக்கும். கையைத் திருப்பும்போது அது தன் இடத்திலேயே சுழல வேண்டும். அது விலகிவிடாமல் இருக்க, கழுத்தைச் சுற்றி மோதிரம் போல ஒரு நார்ப்பட்டை பிடித்திருக்கிறது. பெரியவர்களுக்கு இந்தப் பட்டை தடிமனானது, எலும்போடு கெட்டியாகப் பொருந்தியது. இரண்டு மூன்று வயதில் அது மெல்லியது, கீழ்ப்பக்கப் பிடிப்பும் பலவீனம். முழங்கை நீண்டும் உள்ளங்கை கீழ்நோக்கியும் இருக்கும்போது கையைத் திடீரென இழுத்தால், எலும்பு சற்றே கீழே வருகிறது. பட்டை தலையின் மீது வழுக்கி ஏறி, மூட்டின் இடைவெளிக்குள் மாட்டிக்கொள்கிறது. இறுக்கமான வளையலைக் கழற்றும்போது அது கை முட்டியில் வந்து சிக்கிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பு முறியவில்லை, மூட்டும் முழுதாக விலகவில்லை. பட்டை தவறான இடத்தில் சிக்கியிருக்கிறது, அவ்வளவே. அசைத்தால் அது நசுங்கி வலிக்கும். அசைக்காவிட்டால் வலி குறைவு. அதனால்தான் குழந்தை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அழாமல்கூட விளையாடும்.

ஒன்று முதல் நான்கு வயது வரை இது அதிகம். ஐந்து வயதுக்குப் பிறகு பட்டை கெட்டியாகிவிடுவதால் அரிது. இடக்கையில்தான் கூடுதலாக நடக்கிறது. பெரியவர்களில் பலர் வலக்கைப் பழக்கமுள்ளவர்கள், அவர்கள் பிடிப்பது எதிரே அல்லது பக்கத்தில் நிற்கும் குழந்தையின் இடக்கையாக இருப்பதே அதற்குக் காரணம் என்கிறார்கள்.

இனி சிகிச்சை. குழந்தை தாயின் மடியில் மருத்துவரைப் பார்த்து உட்கார வேண்டும். மருத்துவர் முதலில் கழுத்துப்பட்டை எலும்பிலிருந்து விரல் நுனி வரை தொட்டுப் பார்ப்பார். நல்ல கையையும் பார்த்து ஒப்பிடுவார். பிறகு ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, கட்டை விரலை ரேடியஸ் தலையின் மேல் வைப்பார். மறு கையால் மணிக்கட்டுக்கு மேலே பிடித்து, உள்ளங்கை கீழே பார்க்கும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்புவார். கட்டை விரலுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சிறு அசைவு தெரியும். பட்டை தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். மற்றொரு முறையில் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, முழங்கையை மடக்கிக் கையைத் தோளருகே கொண்டுபோவார்கள். பழைய பாடப் புத்தகங்களில் இதுவே முதலிடம். 2017இல் காக்ரேன் குழு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், முதல் முயற்சியிலேயே தவறுவது கீழ்நோக்கித் திருப்பும் முறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 9, மேல்நோக்கித் திருப்பி மடக்கும் முறையில் ஏறக்குறைய 26 என்று கண்டார்கள். ஆகவே இன்று பல மருத்துவர்கள் முதலாவதையே முதலில் செய்கிறார்கள். உங்கள் மருத்துவர் இரண்டாவதைச் செய்தாலும் அது தவறான சிகிச்சை அல்ல.

திருப்பும் நொடியில் குழந்தை கத்துவாள். அப்போது கையைப் பறிக்காமல் மடியில் அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு மருத்துவர் சற்றுத் தள்ளிப் போய்விடுவது நல்லது, வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பிள்ளை கையை மறைத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பொம்மையையோ பேரீச்சம்பழத்தையோ அந்தக் கைப் பக்கமாகச் சற்று உயரே நீட்டிப் பாருங்கள். தூக்கி வாங்கினால் வேலை முடிந்தது. கட்டு வேண்டாம், தூளியும் வேண்டாம். அடிபட்டுப் பல மணி நேரம் கழித்துக் கொண்டுபோனால் பட்டை வீங்கியிருக்கும், கையைப் பயன்படுத்த ஒரு நாள்கூட ஆகலாம். ஒரு முறை சரியாகாவிட்டால் மற்ற முறையைச் செய்வார்கள். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகும் கை தூங்கியே இருந்தால் அதற்கு மேல் திருப்பக் கூடாது. அது வேறு ஏதோ என்று எண்ணிப் படம் எடுக்க வேண்டும். படத்தில் ஒன்றும் இல்லையென்றால் கையைத் தூளியில் வைத்து, ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். அதற்குள் தானாகவே சரியாகிவிடுகிற பிள்ளைகளும் உண்டு.

'எக்ஸ்ரேகூட எடுக்காமல் கையைத் திருப்பிவிட்டார்' என்று மருத்துவர்மீது குறைப்படுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வயது பொருந்தி, இழுத்ததைப் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருந்து, வீக்கமும் இல்லையென்றால் எக்ஸ்ரே தேவையில்லை. எடுத்தாலும் அதில் ஒன்றும் தெரியாது. நார்ப்பட்டை படத்தில் விழாது. இரண்டு வயதில் ரேடியஸ் தலையே பெரும்பாலும் குருத்தெலும்பாக இருப்பதால் அதுவும் விழாது. வேடிக்கை என்னவென்றால், படம் பிடிக்கக் கையை நேராக்கி உள்ளங்கையை மேலே திருப்பி வைக்கும்போதே பட்டை இடத்துக்குப் போய், படம் எடுப்பதற்குள் குழந்தை கையை ஆட்டத் தொடங்கிவிடுவதும் நடக்கிறது.

எக்ஸ்ரே கட்டாயம் வேண்டிய நேரங்கள் வேறு. குழந்தை விழுந்திருந்தால், குறிப்பாகக் கட்டிலிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ கையை ஊன்றி விழுந்திருந்தால், முதலில் படம். வீக்கம், கன்றல், கோணல் ஏதேனும் இருந்தாலும், எலும்பில் ஓரிடத்தைத் தொட்டால் துடித்தாலும் படம். வயது ஐந்தைத் தாண்டியிருந்தாலும், எப்படி நேர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை என்றாலும் அப்படியே. முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிவது பிள்ளைகளிடம் சாதாரணம். அந்த இடத்தை ஒட்டியே கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் நரம்புகளும் செல்கின்றன. முறிந்த கூர்முனை இருக்கும் கையைத் திருகினால் என்னவாகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. முறிவின் கோடு தெரியாதபோதும், முழங்கைக்குப் பின்னால் கொழுப்பின் கருநிழல் படத்தில் தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, மறைந்த முறிவு இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள்.

சுளுக்கு எடுப்பவர்களைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறோம். 'அவர் தொட்டதும் பிள்ளை கையைத் தூக்கியது' என்று நானிமாக்கள் சொல்வது பொய்யல்ல. மேலே சொன்ன திருப்பத்தைத் தற்செயலாகவோ பழக்கத்தாலோ அவர்கள் செய்துவிடுகிறார்கள், பட்டை இடத்துக்குப் போய்விடுகிறது. முறிவுள்ள கைக்கும் அவர்கள் அதையே செய்துவிடக்கூடும் என்பதுதான் நம் கவலை. அடுத்து இறுக்கமான கட்டு. முறிந்த முழங்கை அடுத்த பல மணி நேரம் வீங்கிக்கொண்டே போகும், மூங்கில் பத்தையும் துணியும் விரிந்துகொடுக்காது. ரத்த ஓட்டம் நின்று தசை செத்தால் விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். கட்டுப் போட்ட கையின் விரல்கள் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ சில்லிட்டாலோ, விரலை மெல்ல நிமிர்த்தினாலே குழந்தை அலறினாலோ, கட்டியவரைத் தேடிப் போகாதீர்கள். அந்தக் கட்டை அப்போதே தளர்த்தி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரையுங்கள். பென்னாகரம், அரூர் பக்கம் இருப்பவர்கள் 108ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.

இன்னும் இரண்டு நிலைகளில் கை இழுபட்டது என்று நாமே முடிவு கட்டக் கூடாது. காய்ச்சலோடு கையை அசைக்க மறுக்கும் குழந்தைக்கு மூட்டிலோ எலும்பிலோ சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே பார்க்க வேண்டும். தவழாத கைக்குழந்தை கையை அசைக்காவிட்டால் மருத்துவர் படமும் எடுப்பார், பல கேள்விகளும் கேட்பார். யார் தூக்கினார்கள், எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அந்த வயதில் முறிவைத் தவறவிடாமலிருக்க அவர் கேட்டே ஆக வேண்டும்.

மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மருமகளுக்குப் பயந்து மாமியார் மறைப்பதும், மாமியாருக்குப் பயந்து மருமகள் மறைப்பதும் நடக்கிறது. 'பஸ்ஸில் ஏறும்போது கையைப் பிடித்துத் தூக்கினேன்' என்ற ஒரு வாக்கியம் எக்ஸ்ரே செலவையும் இரண்டு மணி நேர அழுகையையும் மிச்சப்படுத்தும். 'கீழே விழுந்தாள்' என்ற உண்மையை மறைத்தால் முறிந்த கை திருகப்படும்.

ஒரு முறை நழுவியது மறுபடி நழுவக்கூடும், முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் தேவை. குழந்தையைத் தூக்கும்போது இரு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். இரண்டு கையையும் பிடித்துச் சுற்றி விளையாடுவது, ஒளுச் செய்ய வைக்கும்போது ஓடுகிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுப்பது, சட்டைக் கையிலிருந்து கையை வெடுக்கென உருவுவது ஆகிய மூன்றையும் வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பத்துப் பன்னிரண்டு வயது அண்ணன் அக்காக்களுக்கும் சொல்லி வையுங்கள். அடிக்கடி நழுவுகிற பிள்ளையின் பெற்றோருக்குச் சில மருத்துவர்கள் திருப்பும் முறையைத் தாங்களே கற்றுக்கொடுப்பதுண்டு. அப்படி நேரில் கற்றவர்கள், இழுபட்டதுதான் என்று உறுதியாகத் தெரிந்த நாளில் மட்டும் செய்யலாம். இதைப் படித்துவிட்டு யாரும் செய்ய வேண்டாம்.