ஒரு கார், ஒரு தகப்பன், ஐந்து நிமிடம்

அன்புள்ள தம்பிக்கு,

லண்டன் கல்யாண வரவேற்பு விருந்தில் பேசுவதற்காக மணப்பெண்ணின் தகப்பனுக்கு நீ எழுதிய உரையைப் படித்தேன். பெருமை, சிரிப்பு, பிரிவு என்று மூன்று பத்தியாகப் பிரித்திருக்கிறாய். பிசகு அங்கேதான். பெருமை பட்டங்களின் பட்டியலாகிவிட்டது. பிரிவைப் பற்றிய வரிகளோ யாருடைய மகளுக்கும் பொருந்தும்.

அவர் சொன்ன ஒரு சங்கதியைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு அப்படியே விட்டிருக்கிறாய். 17 வயதில் மகளுக்கு அவர் கார் ஓட்டப் பழக்கிய கதை அது. உனக்கு வேண்டிய மூன்றும் அதிலேயே இருக்கின்றன.

சிவப்பு ‘எல்’ பலகை மாட்டிய காரில் பக்கத்தில் இருந்துகொண்டு, தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனவர் அவர். அங்கிருந்து தொடங்கு. சபை அவரைப் பார்த்துச் சிரிக்கட்டும். மகளைச் சிரிப்புக்குள்ளாக்கும் கதை எதுவும் வேண்டாம். புதுச் சம்பந்திகளுக்கு முன்னால் அவள் கூசிப்போவாள்.

பிறகு, அவள் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு. மகள்தான் பதறாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். “அன்றைக்கு என் கால் பிரேக்கைத் தேடவில்லை” என்று அவர் சொன்னால் போதும், பட்டங்களை எல்லாம் அடித்துவிடலாம். முதலில் சிரித்த அதே பிரேக்குக்கு இப்போது சபை அமைதியாகும்.

பிரிவையும் அந்தக் காரே சொல்லட்டும். “அவள் கார் வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும். மாப்பிள்ளை, இனி அந்தச் சத்தத்துக்கு நீங்கள்தான் முழித்திருக்க வேண்டும்.” ‘உங்கள் கையில் ஒப்படைக்கிறேன்’ என்ற உன் வரியை எடுத்துவிடு. அவள் கைமாறும் பொருள் அல்ல.

இந்த இடத்தில்தான் அவருக்குத் தொண்டை அடைக்கும். அதனால் வாக்கியங்களைச் சிறிதாக வை. அடுத்த வரி சம்பந்திகளுக்கு நன்றி சொல்வதாக இருக்கட்டும். அவர்கள் பக்கம் திரும்பும்போது மூச்சு திரும்பிவிடும். வீட்டில் நாலைந்து தரம் வாய்விட்டு வாசிக்கச் சொல். முதல் தரம் அழுவார், அழட்டும். மண்டபத்தில்தான் முதன்முதலாக வாசிக்கிறார் என்றால் பாதியில் நின்றுவிடுவார்.

இங்கிலாந்து வழக்கப்படி தகப்பன்தான் முதலில் பேசுவார். மாப்பிள்ளையும் தோழனும் பிறகு. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நிதானமாகப் பேசினால் 400 சொல் அளவில் அடங்கும். நீ எழுதியிருப்பது அதைப்போல இரண்டு மடங்கு. பெரிய எழுத்தில் அட்டைகளில் அச்சிட்டுக் கொடு. ஒரு வாக்கியம் அட்டை மாறி ஓடக்கூடாது. மணமக்களுக்காகக் குவளையை உயர்த்தச் சொல்லும் கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல். அந்நேரம் அவருக்கு எழுத்து தெரியாது.

அன்புடன்,
அண்ணன்