12 வோல்ட்டில் சுருங்கும் கெபாசிட்டர்

கறம்பக்குடிப் பக்கம் போர்வெல் மோட்டாரைச் செல்போனிலேயே போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டிகள் பல தோப்புகளில் உண்டு. அப்படி ஒன்று அங்குள்ள மெக்கானிக் ஒருவரின் மேசைக்கு வந்தது. "அண்ணே, காலையில நல்லாத்தான் ஓடுது, வெயில் ஏறுனா ஆஃப் ஆயிடுது" என்றார் கொண்டுவந்த விவசாயி. சூட்டில் சிம் மாட்யூல் சிக்னல் அனுப்பும் நொடியில் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது.

12 வோல்ட் லைனில் இருந்த 10 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தார். 9.6 காட்டியது. பலரும் இதோடு 'பாகம் நல்லது' என்று முடித்துவிடுவார்கள். அவர் அப்படியே ஹேர் டிரையரால் சூடு காட்டினார். அளவு 4-க்கும் கீழே இறங்கியது. ஆறியதும் பழையபடி ஏறியது.

அது ஒய்5வி ரகம். -30 முதல் 85 டிகிரி வரை மதிப்பு 82 சதவீதம் குறையலாம் என்று அந்தக் குறியீடே சொல்கிறது. எக்ஸ்7ஆர் 125 டிகிரி வரைக்கும் 15 சதவீதத்துக்கு மேல் நகராது. இரண்டிலும் உள்ளது பேரியம் டைட்டனேட்தான். ஒய்5வியில் அதன் மின்காப்பு மாறிலியின் உச்சத்தைச் சேர்மானங்களால் அறை வெப்பநிலைக்கு அருகே இழுத்து வைத்திருப்பார்கள், சூடேறினால் சரிவுதான்.

வெப்பம் கதையில் பாதி. மீட்டர் சோதிப்பது ஏறக்குறைய ஒரு வோல்ட்டில். போர்டிலோ 12 வோல்ட் டிசி நிரந்தரமாக நிற்கிறது. பேரியம் டைட்டனேட்டின் சிறு மின்பகுதிகள் புலத்துக்கேற்பத் திரும்புவதால்தான் இவ்வளவு சின்னப் பாகத்தில் இவ்வளவு மின்னேற்றம் அடங்குகிறது. டிசி அவற்றை ஒரே திசையில் பிடித்துவிட்டால், மேற்கொண்டு திரும்ப இடமில்லை. எக்ஸ்7ஆர் என்ற பெயர் இந்த இழப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மேக்ஸிம் நிறுவனப் பொறியாளர் மார்க் ஃபார்ச்சுனாட்டோ, 4.7 மைக்ரோஃபாரட் ஏன் 0.33 ஆகிறது என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார்.

இந்த இழப்பை அளக்கக் கறம்பக்குடி மெக்கானிக் வைத்திருக்கும் வழி எளிது. கெபாசிட்டருக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் வைத்து, 12 வோல்ட் ஏற்றி, சப்ளையைத் துண்டித்து, 11 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தை ஸ்கோப்பில் பார்ப்பது. உண்மையான 10 மைக்ரோஃபாரட் என்றால் 8.7 மில்லி செகண்ட். பழைய பாகத்துக்கு ஆனது 2. அதாவது வெறும் 2.3 மைக்ரோஃபாரட், அதுவும் ஆறிய நிலையில். வெயிலில் தகரப் பெட்டிக்குள் அதுவும் மிஞ்சாது.

மாற்றும்போது வோல்ட் ரேட்டிங்கை மட்டும் கூட்டுவது பலிக்காமல் போகலாம். அதே அளவு உடலில் 16 வோல்ட்டும் 25 வோல்ட்டும் ஒரே மாதிரி சரிவதுண்டு. உடல் பெரிதானால் மின்காப்பு அடுக்குகளைத் தடிமனாக்க இடம் கிடைக்கும், புலம் தளரும். அவர் 3.2 மில்லிமீட்டர் நீள எக்ஸ்7ஆர் இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தார். ஒன்றுக்கு 5 மில்லி செகண்ட் வந்தது. இரண்டும் சேர்ந்து 11 மைக்ரோஃபாரட்டைத் தாண்டியது.

அதே போர்டில் கிரிஸ்டலுக்கு அருகே இருந்த 22 பிகோஃபாரட் பாகங்களை அவர் தொடவில்லை. அவை சி0ஜி ரகம். டிசிக்கும் வெயிலுக்கும் அசையாதவை, ஆனால் 10 மைக்ரோஃபாரட்டுக்கு அந்த ரகத்தில் போனால் பெட்டியே கொள்ளாது.