படத்தைச் சுருட்டிய பின் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், நம் பள்ளியின் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமியின் ஜியாமெட்ரி பெட்டி காணாமற் போயிற்று. இடைவேளையில் வகுப்பறைக்குள் இருந்த இன்னொரு சிறுமியை அழைத்து விசாரித்தோம். "மேசைகிட்ட யாரோ ஒருத்தி நின்னா, டீச்சர்" என்றாள் அவள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாமோ பொறுமையிழந்து, "ஒற்றைப் பின்னல் போட்டிருந்தாளே, அவள்தானே?" என்று கேட்டுவிட்டோம். அவள் சற்றே தயங்கி, "ஆமாம், டீச்சர்" என்றாள். அந்த வகுப்பில் அன்று ஒற்றைப் பின்னலோடு வந்திருந்தவள் ஒருத்திதான். மாலை வரை அவள் அழுதுகொண்டே இருந்தாள். மறுநாள் காலை, பெட்டிக்கு உரியவள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள் என்பது தெரிந்தது.

சாட்சி சொன்ன சிறுமி பொய் சொல்லிப் பழகியவள் அல்லள். பிறகு நாம் கேட்டபோதும், "ஒத்தப் பின்னல் நல்லா ஞாபகம் இருக்கு, டீச்சர்" என்றே சாதித்தாள். கண்ணால் காணாதது அவள் நினைவிற்குள் எப்படி வந்தது? அதைக் கண்டறிய, ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளையை ஒதுக்கி ஒரு சோதனை நடத்தினோம். அதன் விவரத்தையே இங்கு எழுதுகிறோம்.

நம் பள்ளி அலமாரியில் ஒரு பழைய சுவர்ப்படம் இருக்கிறது. நடவுக் காட்சி. சேற்று வயலில் ஏழு பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். இடப்பக்கம் ஒரு சிறுவன் தலையில் நாற்று முடிகளைச் சுமந்து வருகிறான். வரப்பில் ஓர் ஆண் தோளில் துண்டுடன் வெறுங்கையாய் நிற்கிறார். அவர் காலடியில் ஒரு பித்தளைக் குடம். வாய்க்கால் ஓரத்தில் இரண்டு கொக்குகள். தொலைவில் இரண்டு பனை மரங்கள். படத்தில் இருப்பவை இவ்வளவே. மாடு இல்லை, குடை இல்லை, ஒரு தென்னை மரங்கூட இல்லை.

இப்படத்தைக் கரும்பலகையில் மாட்டி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காட்டினோம். பிறகு சுருட்டி வைத்துவிட்டோம். முதலில், கண்டதையெல்லாம் தாமே எழுதும்படி சொன்னோம். எழுதியவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆனால் குறைவாக இருந்தன. நடும் பெண்களையும் சிறுவனையும் ஏறக்குறைய எல்லாரும் குறித்திருந்தனர். குடத்தையும் கொக்குகளையும் பலர் விட்டுவிட்டனர். பெண்களின் எண்ணிக்கையை ஆறு என்றும் எட்டு என்றும் எழுதியவர்கள் இருந்தார்கள்.

அடுத்து, ஆளுக்கொரு சீட்டு கொடுத்தோம். வலப்புற வரிசைகளுக்குக் கொடுத்த சீட்டில், "வரப்பில் நின்றவர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று இருந்தது. இடப்புற வரிசைகளுக்கு, "வரப்பில் நின்றவர் பிடித்திருந்த குடை என்ன நிறம்?" என்று இருந்தது. சீட்டுகள் வேறுவேறு என்பது மாணவியருக்குத் தெரியாது. பதில்களை வாங்கிக்கொண்டு, சுமார் இருபது நிமிடம் குறுவை, சம்பா பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதன் பின் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கேள்வி: "படத்தில் குடை இருந்ததா?"

வலப்புறத்தில் மிகச் சிலரே இருந்தது என்றனர். இடப்புறத்திலோ பலர் தயக்கமின்றி இருந்தது என்றனர். கறுப்புக் குடை என்றனர். ஒருத்தி, அதன் கைப்பிடி வளைந்திருந்தது என்றுகூடச் சொன்னாள். குடையைக் கொடுத்தது படம் அன்று, நம் கேள்வி. "என்ன நிறம்" என்று கேட்கும்போதே, குடை இருந்தது என்ற செய்தியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். கேட்பவள் நிறத்தைத் தேடப் போய், குடையை ஏற்றுக்கொண்டு திரும்புகிறாள். இருபது நிமிடம் கழித்து, அது படத்திலிருந்து வந்ததா, பேச்சிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய அவளால் இயலவில்லை.

மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டோம்: "தூரத்தில் என்ன மரங்கள் இருந்தன?" இதில் எந்தப் பொறியும் இல்லை. ஆயினும் தென்னை என்று எழுதியவர் அநேகர். காரணம் எளிது. நம் மாணவியர் திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு பக்கங்களிலிருந்து வருகிறவர்கள். வயல் என்றால் அதன் ஓரத்தில் தென்னை இருக்கும் என்பது அவர்கள் தினமும் பஸ்ஸில் காணும் காட்சி. நினைவில் ஓட்டை விழுந்த இடத்தை வழக்கம் வந்து அடைத்துக்கொண்டது.

இறுதியில் படத்தை விரித்துக் காட்டினோம். வகுப்பே ஆரவாரித்தது. "டீச்சர், இது வேற படம்! மாத்திட்டீங்க!" என்றாள் வளைந்த கைப்பிடி கண்ட பெண். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இச்சோதனை நம் கண்டுபிடிப்பு அன்று. வில்லியம் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானிய உளவியலறிஞர், இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதைச் செய்து, 1904-ல் முடிவுகளை வெளியிட்டார். அவர் காட்டியது ஒரு குடியானவர் வீட்டு அறையின் வண்ணப்படம். ஒரு நிமிடம் காட்டிவிட்டு, முதலில் பிள்ளைகளைத் தாமாகச் சொல்ல விட்டார். பிறகு வரிசையாகக் கேள்விகள் கேட்டார். தாமாகச் சொன்னவற்றில் நூற்றுக்குச் சுமார் 6 தவறாக இருந்தன. கேள்விக்குச் சொன்ன பதில்களிலோ நூற்றுக்குச் சுமார் 33 தவறு! படத்தில் இல்லாத பொருள்களைப் பற்றியும் வேண்டுமென்றே சில கேள்விகளை அவர் சேர்த்திருந்தார். அவற்றில் ஏமாந்தவர்கள் சிறு வயதினரிடையே அதிகம்.

சிறுபிள்ளைகள்தாமே என்று எண்ணிவிட வேண்டாம். 1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இருவர், கல்லூரி மாணவர் 150 பேருக்கு ஒரு கார் விபத்தின் சிறு திரைப்படத்தைக் காட்டினர். 50 பேரிடம் கார்கள் "இடித்துக்கொண்டபோது" என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டனர். வேறு 50 பேரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ற பொருள்படும் சொல்லை இட்டுக் கேட்டனர். எஞ்சிய 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும், "உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?" என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். "இடித்த" என்ற சொல்லைக் கேட்டவர்களில் 7 பேர். ஒன்றும் கேட்கப்படாதவர்களில் 6 பேர். முன்பு கேட்ட கேள்வியில் இருந்த ஒரு சொல், ஒரு வாரம் உள்ளேயே தங்கியிருந்து கண்ணாடியை உடைத்துவிட்டது.

ஆகவே, முன்பு காட்டிய ஒரு படத்தைப் பற்றிப் பின்பு கேட்கும்போது, பதில் மூன்று இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, படம். இரண்டு, இடையில் பேசிய பேச்சு. மூன்று, இப்படித்தான் இருக்கும் என்ற வழக்கம். சொல்பவளுக்கு மூன்றும் ஒரே நினைவாகவே தோன்றும். எனவே அவள் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாள் என்பதை வைத்து உண்மையை அளக்க முடியாது. குடையைக் கண்டவள் நம் வகுப்பிலேயே மிக உறுதியாகப் பேசியவள்.

அப்படியானால் படம் நினைவிருக்கிறதா என்று அறிவது எப்படி? அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை, விடையைக் காட்டிக் கொடுக்காமல் கேட்க வேண்டும். "வரப்பில் நின்றவர் அருகே ஏதேனும் இருந்ததா?" என்று நாம் கேட்டபோது, முதலில் எழுத மறந்த சிலர், "ஒரு குடம், டீச்சர்" என்றனர். குடத்தைப் பற்றி அதுவரை வகுப்பில் பேச்சே எழவில்லை. ஆகையால் அது படத்திலிருந்தே வந்த நினைவு என்று நம்பலாம். கேள்வியே கூடாது என்பது இதன் பொருளன்று. தானாக வராத உண்மையையும் நல்ல கேள்வி வெளியே கொணரும். மரங்களைப் போன்றவற்றில், வழக்கத்திற்கு ஒத்த பதிலைவிட, வழக்கத்திற்கு மாறான பதிலுக்கு மதிப்பு அதிகம். பனை என்று எழுதிய பெண், பனையைக் கண்டுதான் எழுதியிருப்பாள்.

மறுவாரம் வேறொரு படத்தைக் காட்டி, இம்முறை, "நினைவில்லை என்பதும் முழு மதிப்பெண் பெறும் விடையே" என்று முன்கூட்டிச் சொன்னோம். பதில்கள் குறைந்தன, தவறுகள் அதைவிடக் குறைந்தன. தெரியாது என்றால் டீச்சர் கோபிப்பார் என்ற அச்சமே பாதிக் குடைகளை வரைந்திருக்கிறது என்று அப்போது உணர்ந்தோம்.

நீதிமன்றங்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. விடையைத் தன்னுள்ளேயே காட்டும் கேள்வியை, சாட்சியை அழைத்த தரப்பினர் முதல் விசாரணையில் கேட்க முற்பட்டு, எதிர்த் தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்கலாகாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி இருக்கிறது. குறுக்கு விசாரணையில் மட்டும் அப்படிக் கேட்க இடமுண்டு. ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் ஆட்சேபிக்க வழக்கறிஞர் எவரும் இல்லை. "தம்பிதானே தள்ளினான்?" என்று அம்மா கேட்டால், தம்பி தள்ளியவனாகவே ஆகிவிடுகிறான்.

பெற்றோர் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாட்காட்டிப் படம் ஒன்று போதும். ஒரு நிமிடம் காட்டித் திருப்பி வையுங்கள். முதலில், "என்ன பார்த்தாய், சொல்லம்மா" என்று மட்டும் கேட்டு, குறுக்கிடாமல் முடிவுவரை கேளுங்கள். பிறகு அவள் சொன்ன சொற்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, "அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் சொல்" என்று தொடருங்கள். அவள் சொல்லாத பொருளை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்காதீர்கள். முதல் பதில் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிப் பிள்ளை அதை மாற்றிக்கொள்ளும்.

"பொய்ச்சாட்சி சொல்லாதே" என்ற எட்டாம் கட்டளையைச் சாட்சி சொல்பவருக்கு உரியதாகவே இதுவரை கற்பித்து வந்தோம். அந்த ஆடி மாத நாளில் பொய்ச்சாட்சியை உண்டாக்கியது சாட்சி சொன்ன சிறுமி அல்லள். கேள்வி கேட்ட நாம். ஒற்றைப் பின்னல் சிறுமியை வகுப்பின் முன் அழைத்து, தவறு எங்களுடையது என்று சொன்னோம். சாட்சி சொன்ன சிறுமியிடமும் தனியே அதையே சொன்னோம். "நான் நெசமாவே பார்த்தேனா, பார்க்கலையா டீச்சர்?" என்று அவள் கேட்டாள். அதற்கு இன்று வரை எங்களிடம் விடை இல்லை. எங்கள் கேள்விக்கு முன்பு அவள் நினைவில் என்ன இருந்தது என்பதை இனி யாராலும் அறிய முடியாது.